மாதக்கணக்கில் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும் நுரையீரல் மீன்: காஞ்சிபுரம் ஏரிச் சேற்றில் கிடைப்பதும் அதுதானா?

காய்ந்து வெடித்த தரை. மண்வெட்டியால் ஒருவர் ஒரு கட்டியைப் பெயர்த்து எடுக்கிறார். கட்டியை உடைத்தால் உள்ளே காகிதம் போல ஒரு உறை. அதைக் கிழித்ததும் ஒரு மீன் நெளிகிறது. இந்த மாதிரி வீடியோக்கள் வெயில் காலம் வந்தாலே வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். ‘நம்ம ஏரியில எடுத்தது’ என்று யாராவது ஒருவர் கீழே எழுதியும் விடுவார்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இந்தப் பேச்சு சட்டென்று நம்பும்படியாகவே இருக்கும். காரணம், அங்கே ஏரிக்குப் பஞ்சமில்லை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் சின்ன ஏரிகள் பல சித்திரை, வைகாசியில் வறண்டுபோகும். கடைசியாகத் தேங்கி நிற்கும் குட்டையும் வற்றிய பிறகு, சேற்றைத் தோண்டினால் உயிரோடு மீன் கிடைப்பது அங்கே யாருக்கும் புதிய விஷயமில்லை.

ஆனால், வீடியோவில் வருவதும் ஏரியில் கிடைப்பதும் ஒன்றல்ல. வீடியோவில் இருப்பது ஆப்பிரிக்காவின் நுரையீரல் மீன். இன்றைய இந்தியாவின் ஆறு, ஏரி, குளம் எதிலும் அது இயற்கையாக இல்லை. காஞ்சிபுரம் சேற்றில் கிடைப்பவை விரால், தேளி, பனையேறிக் கெண்டை போன்ற நம்மூர் மீன்கள். இரண்டு தரப்புமே காற்றைச் சுவாசிக்கின்றன, இரண்டுமே சேற்றுக்குள் பதுங்குகின்றன. அப்புறம் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? சேறு முழுசாகக் காய்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது. நுரையீரல் மீன் பிழைத்துக்கொள்ளும். விரால் செத்துப்போகும்.

பார்த்தவுடன் கண்டுபிடிப்பது எப்படி?

வீடியோவில் துடுப்பைப் பாருங்கள். ஆப்பிரிக்க நுரையீரல் மீனுக்கு உடம்பின் இரு பக்கமும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு துடுப்புகள் நூல் மாதிரி, நூடுல்ஸ் மாதிரி தொங்கும். வேறு எந்த நம்மூர் மீனுக்கும் இப்படி இருக்காது. உடல் விலாங்கு போல நீளமாகவும், வால் பகுதி கூராக முடிவதாகவும் இருக்கும்.

பாம்புத் தலை போன்ற தலையும், அதன் மேல் பெரிய செதில்களும் இருந்தால் அது விரால் வகை. வாயைச் சுற்றி மீசை இருந்தால் தேளி அல்லது கெளுத்தி. செவுள் மூடியின் ஓரம் ரம்பம் போல இருக்கும் சின்ன மீன் என்றால் பனையேறிக் கெண்டை. இவ்வளவுதான், பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை.

தண்ணீரில் மூழ்கிச் சாகும் மீன்

உலகில் இன்று உயிரோடு இருக்கும் நுரையீரல் மீன் இனங்கள் மொத்தம் ஆறுதான். ஆப்பிரிக்காவில் நான்கு, தென் அமெரிக்காவில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று. ஆறும் ஒரே மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலிய மீனுக்கு ஒரே ஒரு நுரையீரல்தான். அது பெரும்பாலும் செவுளையே நம்பி வாழ்கிறது, வறட்சியில் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் வித்தை அதற்குத் தெரியாது. தென் அமெரிக்க மீன் வளை தோண்டும், ஆனால் உறை கட்டாது. உறை கட்டிக்கொண்டு காய்ந்த மண்ணில் கிடப்பது ஆப்பிரிக்க மீன்தான். இந்த ஆப்பிரிக்கப் பேரினத்துக்கு அறிவியலில் புரோட்டோப்டெரஸ் என்று பெயர்.

இந்த மீனுக்குச் செவுள் உண்டு, ஆனால் மிகவும் சிறியது. வளர்ந்த மீன் தனக்குத் தேவையான ஆக்சிஜனில் பெரும்பங்கை, சுமார் 90 சதவீதத்தை, காற்றில் இருந்தே எடுக்கிறது. அதனால் தண்ணீர் நிறைந்த ஏரியில் இருக்கும்போதும் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். மேலே வரவிடாமல் வலையில் சிக்கி நீருக்கடியில் மாட்டிக்கொண்டால் மூச்சுத்திணறி இறந்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் செத்தது என்றால் சிரிக்கத்தான் தோன்றும், ஆனால் இந்த மீன் விஷயத்தில் அதுதான் உண்மை.

நாம் நெஞ்சுக்கூட்டை விரித்து மூச்சை உள்ளே இழுக்கிறோம். இந்த மீன் அப்படிச் செய்வதில்லை. வாய் நிறையக் காற்றை எடுத்து, வாயை மூடி, சைக்கிள் பம்ப் அடிப்பது போல அந்தக் காற்றை நுரையீரலுக்குள் அழுத்தித் தள்ளுகிறது.

வளை தோண்டும் விதம்

மேற்கு ஆப்பிரிக்காவின் வெள்ளச் சமவெளிகளில் மழை நின்றதும் தண்ணீர் படிப்படியாக வடியும். ஆழமான ஆற்றுக்கு ஓடிவிடாமல் அங்கேயே தங்கிவிட்ட மீன், தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வரும்போது வேலையை ஆரம்பிக்கிறது. தோண்டுவதற்குக் காலும் கிடையாது, உருப்படியான துடுப்பும் கிடையாது. இருப்பது வாய் மட்டும்தான். மென்மையான சேற்றை ஒரு வாய் கடிக்கும், அதைச் செவுள் துளை வழியாக வெளியே தள்ளும், அடுத்த வாய் கடிக்கும். இப்படியே தலைகீழாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும்.

போதுமான ஆழம் வந்ததும் அடியில் கொஞ்சம் அகலமாக, ஒரு சின்ன சொம்பு மாதிரி அறை அமைத்துக்கொள்கிறது. அந்த அறைக்குள் உடம்பை வளைத்துத் திரும்பி, தலையை மேல்நோக்கி வைத்துக்கொள்கிறது. இந்தத் திரும்பல் நடக்கவில்லை என்றால் எல்லாமே வீண், ஏனென்றால் மூச்சு வரவேண்டிய ஒரே வழி மேலே இருக்கும் துளைதான்.

இந்தக் கட்டத்தில் மீன் இன்னும் தூங்கவில்லை. வளையில் தண்ணீர் இருக்கும் வரை அவ்வப்போது மேலே வந்து காற்று குடித்துவிட்டுக் கீழே போகிறது. தண்ணீர் மட்டம் இறங்க இறங்க இந்தப் போக்குவரத்து குறைகிறது. கடைசியில் சேறு கெட்டியாகத் தொடங்கியதும் அறையிலேயே நின்றுவிடுகிறது. வளையின் வாயில் தள்ளிய மண் மூடி போலக் காய்ந்துவிடும். ஆனால் அந்த மூடியில் இருக்கும் துளைகள், வெடிப்புகள் வழியாகக் காற்று உள்ளே வந்துகொண்டிருக்கும்.

இங்கே மண்ணின் குணம் முக்கியம். களிமண் கலந்த சேறு என்றால் தோண்டிய வடிவம் அப்படியே நிற்கும், காய்ந்த பிறகும் உள்ளே ஈரக்காற்றைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். வெறும் மணல் என்றால் சரிந்து மூடிக்கொள்ளும்.

பட்டுக்கூடு இல்லை, ஆனாலும் கூடுதான்

கடைசித் தண்ணீரும் போன பிறகு மீன் வாலை மடக்கித் தலையின் மேல், கண்களை மூடியபடி போர்த்திக்கொள்கிறது. தோலில் இருந்து வழவழப்பான கோழை நிறையச் சுரக்கிறது. அது உடம்பைச் சுற்றிப் படிந்து, காய்ந்து, மெல்லிய உறையாக மாறுகிறது. உடம்பு முழுவதும் மூடப்பட்டிருக்கும், வாய்க்கு நேராக மட்டும் ஒரு சிறு துளை. அந்தத் துளையின் ஓரம் உதடுகளுக்கு நடுவே குழல் மாதிரி செருகியிருக்கும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். பட்டுப்புழுவின் கூட்டில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று நூல், மற்றொன்று அந்த நூலை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை. நெய்வதற்கு முன் பட்டைக் கொதிக்கவைத்து அந்தப் பசையை நீக்குவார்கள், அப்போதுதான் மினுமினுப்பு வரும். நுரையீரல் மீனின் கூட்டில் நூலே கிடையாது. எல்லாம் பசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புழு தன் கூட்டை வாயால் நூற்றுக் கட்டுகிறது, இந்த மீனுக்குத் தோலே தறி.

இந்த உறையின் வேலை, உடம்பின் ஈரத்தை வெளியே விடாமல் தடுப்பது என்று மட்டும்தான் ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். 2021-ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐரீன் சலீனாஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. உறை வெறும் காய்ந்த கோழை அல்ல, அதற்குள் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. மீனின் நோய் எதிர்ப்புச் செல்கள் தோலில் இருந்து உறைக்குள் நகர்ந்து வந்து, தங்கள் டிஎன்ஏ-வையே வலை போல வீசிப் பாக்டீரியாக்களைச் சிக்கவைக்கின்றன. அந்த வலையை ஆய்வாளர்கள் ஒரு நொதியால் கரைத்துப் பார்த்தபோது, மீன்களின் தோலிலும் இரத்தத்திலும் கிருமித் தொற்று ஏற்பட்டது.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். மாதக்கணக்கில் அசையாமல் ஈரமண்ணில் கிடக்கும் உடம்பைப் பாக்டீரியா சும்மா விடுமா?

மூச்சைவிடப் பெரிய சிக்கல்

நுரையீரல் இருப்பதால்தான் இந்த மீன் பிழைக்கிறது என்று பலரும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அது பாதிக் கதை. காற்றுக்கு வழி இருக்கிறது சரி, கழிவுக்கு வழி?

எந்த உயிராக இருந்தாலும் புரதத்தைச் செரித்தால் அம்மோனியா உருவாகும். அம்மோனியா விஷம். சாதாரண மீன்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் செவுள் வழியாக அப்படியே கரைந்து போய்விடும். உறைக்குள் அடைபட்ட மீனைச் சுற்றித் தண்ணீரே இல்லை. சிறுநீர் கழித்தால் இருக்கும் கொஞ்ச நீரும் போய்விடும், அதனால் அதையும் நிறுத்திவிடுகிறது. அப்படியானால் அம்மோனியா உடம்பிலேயே சேர்ந்து சில நாளில் மூளையைத் தாக்க வேண்டும். ஆனால் அப்படி நடப்பதில்லை.

இதன் காரணத்தைத் தேடியவர்களில் முக்கியமானவர் ஹோமர் ஸ்மித், அமெரிக்கச் சிறுநீரக ஆய்வாளர். 1928-ல் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரிப் பகுதிக்குப் போய் நுரையீரல் மீன்களைச் சேகரித்தார். 1930-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, வறட்சித் தூக்கத்தில் இருக்கும் மீன் அம்மோனியாவுக்குப் பதிலாக யூரியாவைச் சேர்த்துவைக்கிறது என்று காட்டியது. இந்த மீன் அவரை விடவே இல்லை போல. அங்குள்ள மக்கள் அதை அழைக்கும் ‘கமோங்கோ’ என்ற பெயரிலேயே 1932-ல் ஒரு நாவலும் எழுதினார்.

யூரியா என்றால் வயலுக்குப் போடுகிறோமே, அதே பொருள்தான். அம்மோனியாவோடு ஒப்பிட்டால் விஷத்தன்மை மிகக் குறைவு. நம் உடம்பும் கல்லீரலில் இதே மாற்றத்தைத்தான் செய்கிறது, ஆனால் நாம் அதைத் தினமும் வெளியேற்றிவிடுகிறோம். நுரையீரல் மீன் அதை இரத்தத்திலும் தசையிலும் மாதக்கணக்கில் தேக்கிவைக்கிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. கரைசல் கெட்டியாக இருந்தால் நீர் ஆவியாகிப் போவது கொஞ்சம் குறையும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இப் யுவென் குவோங் குழுவினர் இதை நாள் கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மண்ணே வேண்டாம் என்று முடிவு செய்து, பிளாஸ்டிக் தொட்டியில் மீனை விட்டு, வெறும் 15 மில்லிலிட்டர் தண்ணீர் மட்டும் ஊற்றினார்கள். இருமல் மருந்து 3 தேக்கரண்டி எடுத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். தண்ணீர் வற்றிக்கொண்டே போக, சுமார் 6 நாட்களில் மீன் உறையைக் கட்டி முடித்தது.

அந்த ஆய்வுகளில் தெரிந்தது இதுதான். முதல் சில நாட்களில் மீன் யூரியா தயாரிப்பை வேகமாகக் கூட்டுகிறது. உறை கட்டி முடித்துத் தூக்கத்தில் ஆழ்ந்த பிறகோ, புரதத்தை உடைப்பதையே குறைத்துவிடுகிறது. அதாவது முதலில் குப்பையைப் பாதுகாப்பான பொட்டலமாகக் கட்டுகிறது, பிறகு குப்பை போடுவதையே நிறுத்திக்கொள்கிறது. மண்ணுக்குள் புதைத்து வைத்த மீன்களையும் தொட்டியில் இருந்த மீன்களையும் ஒப்பிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. மண்ணுக்குள் ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கிறது, அதனால் அங்கே கிடக்கும் மீனின் உடல் இன்னும் சிக்கனமாக இயங்குகிறது.

எவ்வளவு நாள் தாங்கும்?

இயற்கையில் வறட்சிக் காலம் எவ்வளவோ அவ்வளவு, பெரும்பாலும் சில மாதங்கள். ஆய்வகத்தில் 4 ஆண்டுகள் வரை உயிரோடு இருந்ததாகப் பதிவுகள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டிலேயே மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து மண் கட்டியோடு கட்டியாகக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே தண்ணீரில் கரைத்து மீனை எழுப்பியிருக்கிறார்கள்.

சாப்பாடு? ஒன்றும் கிடையாது. மீன் தன் தசையையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எரிபொருளாக்கிக்கொள்கிறது. இதயத் துடிப்பு குறைகிறது, ஆக்சிஜன் தேவை வழக்கமான அளவில் ஒரு சிறு பங்காக இறங்குகிறது. எவ்வளவு நாள் என்பதைத் தீர்மானிப்பது மூச்சு அல்ல, உள்ளே போகும்போது உடம்பில் இருந்த சதைதான். மழைக்காலத்தில் சரியாகத் தின்று கொழுக்காத மீன், வறட்சி நீண்டால் உறைக்குள்ளேயே முடிந்துபோகும்.

மழை வந்து வளைக்குள் தண்ணீர் இறங்கும்போதுதான் அவசரம். வாய்த் துளையில் தண்ணீர் ஏறினால் காற்று வழி அடைபட்டுவிடும், இது காற்றில்லாமல் மூழ்கிச் சாகும் மீன் என்பதை மறந்துவிடாதீர்கள். உறையைக் கிழித்துக்கொண்டு எப்படியாவது மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தாக வேண்டும். மெலிந்து போன உடம்போடு முதலில் தட்டுத்தடுமாறித்தான் நீந்தும். சேர்த்துவைத்த யூரியா அதன் பிறகு தண்ணீரில் வெளியேறுகிறது.

இப்போது நம்ம ஏரிக்கு வருவோம்

காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு சின்ன மானாவாரி ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் நிரம்பியது. தை, மாசியில் பாசனத்துக்கு மதகு திறந்தாயிற்று. பங்குனியில் கரையோரம் எல்லாம் வெடிப்பு, நடுவில் மட்டும் தண்ணீர். கெண்டை, கட்லா போன்ற செவுளை மட்டும் நம்பும் மீன்கள் சூடான கலங்கல் தண்ணீரில் ஆக்சிஜன் போதாமல் வாயைப் பிளந்து மிதக்கத் தொடங்கும். இந்தக் கட்டத்தில்தான் விராலுக்குச் சாதகம்.

விராலுக்கு நுரையீரல் கிடையாது. ஆனால் செவுளுக்கு மேலே தலைக்குள் ஒரு அறை இருக்கிறது. இரத்தக் குழாய்கள் நிறைந்த ஈரமான அந்த அறையில் காற்றைப் பிடித்துவைத்துச் சுவாசிக்கும். வளர்ந்த விராலும் காற்று குடித்தே ஆக வேண்டும், அதனால்தான் ஏரியில் ‘பொளக்’ என்று மேலே வந்து போகும் சத்தத்தை வைத்தே தூண்டில் போடுபவர்கள் அதன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுவார்கள்.

சித்திரையில் நடுக்குட்டையும் சேறானதும் விரால் உள்ளே இறங்கிவிடும். உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்துக் காலம் தள்ளும். ஆனால் அதற்கு உறை கட்டத் தெரியாது. தோலும் தலைக்குள் இருக்கும் காற்றறையும் ஈரமாக இருக்கும் வரைதான் உயிர். சேறு பிசுபிசுப்பாக இருக்கும் வரை தாங்கும், நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் இன்னும் கொஞ்ச நாள் கூடும். சேறு கட்டியாகி, கட்டி வெடித்து, வெடிப்பு அடிவரை போய்விட்டால் கதை முடிந்தது. ஏரியின் நடுவே காலை அழுத்தினால் பாதம் இறங்குகிறதா, அடியில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும், கீழே விராலுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

தேளி இன்னும் ஒரு படி மேலே. அதன் செவுள் அறையில் இருந்து இரண்டு நீளமான காற்றுக் குழாய்கள் முதுகுப் பக்கமாக உடம்புக்குள் போகின்றன. பார்ப்பதற்கே நுரையீரல் மாதிரிதான். அதைவிட ஆச்சரியம் அதன் உடல் வேதியியல். ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தின் நிர்மலேந்து சாஹாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் தேளியைத் தண்ணீர் இல்லாத சேற்றில் வைத்துப் பார்த்தார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வின்படி, சேற்றுக்குள் போன தேளியும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகிறது. ஆப்பிரிக்க மீனின் அதே உத்தி, நம்ம ஊர் ஏரியில். உறை மட்டும்தான் இல்லை.

பனையேறிக் கெண்டையின் பாணி வேறு. சேற்றில் காத்திருப்பதோடு, செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊன்றி ஈரத்தரையில் நகர்ந்து அடுத்த குட்டைக்கே போகப் பார்க்கும். 1791-ல் தரங்கம்பாடியில் ஒரு பனைமரத்தின் மேல் இந்த மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிய குறிப்பு 1797-ல் லண்டன் வரை போய்ச் சேர்ந்தது. பனை ஏறுகிறதோ இல்லையோ, பெயர் நிலைத்துவிட்டது.

இந்தியாவில் நுரையீரல் மீன் இருந்ததே இல்லையா?

இருந்தது, ஆனால் 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. இன்றைய தெலங்கானாவில் கோதாவரிப் பள்ளத்தாக்கை ஒட்டிய மாலேரி என்ற இடத்தின் பாறைகளில் அதன் பற்கள் கிடைத்தன. விசிறி மாதிரி மேடு மேடாக இருக்கும் தட்டையான பற்கள் அவை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த தாமஸ் ஓல்ட்ஹாம் 1859-ல் அவற்றை விவரித்துப் பெயர் வைத்தார். ஒரு இனத்துக்கு, நாக்பூரில் இருந்துகொண்டு புதைபடிவங்களைத் தேடிய ஸ்டீபன் ஹிஸ்லாப் என்ற பாதிரியாரின் பெயர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓல்ட்ஹாம் அந்தப் பற்களை வகைப்படுத்தியது ‘செரடோடஸ்’ என்ற, கல்லில் மட்டும் அறியப்பட்ட மீன் இனத்தில். அதற்கு 11 ஆண்டுகள் கழித்து, 1870-ல், கிட்டத்தட்ட அதே மாதிரிப் பற்களோடு ஒரு உயிருள்ள மீன் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இருந்து வந்து சேர்ந்தது. இறந்துபோனதாக எண்ணிய வகையின் உறவினர் இன்னும் ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தார்!

மாலேரி மீன்களும் மண்ணுக்குள் தூங்கினவா என்பதைப் பற்கள் சொல்லாது. அதற்கு வளையே கல்லாகிக் கிடைக்க வேண்டும். அமெரிக்காவில் அப்படிக் கிடைத்திருக்கிறது. டைனோசர்களுக்கும் முந்தைய காலத்துப் பாறைகளில், வளையின் வடிவமும் அதற்குள் நுரையீரல் மீனின் எலும்புகளும் சேர்ந்தே கிடைத்துள்ளன. மழை வராமல் உறங்கிய இடத்திலேயே இறந்துபோன மீன்கள் அவை.

ஜேசிபி வரும் மாதமும் மீன் உறங்கும் மாதமும் ஒன்றுதான்

கோடையில் ஏரிகளில் வண்டல் மண் எடுக்க விவசாயிகளுக்கு அரசு அனுமதி கொடுக்கிறது. தூர் வாருவதும் தண்ணீர் இல்லாத அதே மாதங்களில்தான் நடக்கும், வேறு எப்போது செய்ய முடியும்? ஆனால் ஏரியின் ஆழமான நடுப்பகுதி, கடைசியாக ஈரம் நிற்கும் இடம், அதுதான் விராலும் தேளியும் பதுங்கியிருக்கும் இடம். அந்த ஒரு திட்டை மட்டும் மழைக்கு முன் தோண்டாமல் விட்டால், அல்லது தோண்டும்போது கிடைக்கும் மீனைப் பக்கத்தில் தண்ணீர் உள்ள குளத்துக்கு மாற்றினால், அடுத்த ஆண்டுக்கான விதைமீன் தப்பிக்கும். தாய் விரால் பிழைத்திருந்தால் மழை நீர் வந்ததும் செடி கொடிகளுக்கு நடுவே முட்டையிட்டு, செந்நிறத்தில் கொத்தாகத் திரியும் குஞ்சுகளுக்கு ஜோடியாகக் காவல் நிற்கும். வெளியில் இருந்து குஞ்சு வாங்கி விடாமலேயே ஏரியில் மீண்டும் விரால் வருவது இப்படித்தான்.

கடைசித் தண்ணீரில் கூட்டமாக இறங்கி மீன் பிடிப்பது ஊருக்கே திருவிழா. அதை யாரும் நிறுத்தச் சொல்லப்போவதில்லை. அன்று சேற்றைத் துழாவி எடுப்பதில் பெரிய ஜோடிகள் இரண்டு மூன்றையாவது கிணற்றிலோ கோயில் குளத்திலோ விட்டுவைக்கும் பழக்கம் இருக்கும் இடத்தில், அந்த மீன்களை ஏரி நிரம்பியதும் திரும்பக் கொண்டுவந்து விடலாம்.

இன்னொரு பக்கம், வீடியோவைப் பார்த்துவிட்டு ஆப்பிரிக்க நுரையீரல் மீனைத் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு மீட்டர் வரை வளரும், கூர்மையான பல் தட்டுகள் கொண்ட, கூட இருக்கும் மீன்களைக் கடித்துத் தின்னும் மீன் இது. வளர்க்க முடியாமல் போய் அதை ஏரியில் கொண்டு விடுவதுதான் ஆபத்து. ஆப்பிரிக்கக் கெளுத்தி அப்படித்தான் நம் நீர்நிலைகளுக்குள் புகுந்தது. அதை வளர்க்க நாடு முழுவதும் தடை இருந்தும் இன்றுவரை பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது. ஏரி வற்றினால் அந்நிய மீன் செத்துவிடும் என்பதுதான் நம் ஏரிகளுக்கு இருக்கும் ஒரே இயற்கைப் பாதுகாப்பு. நுரையீரல் மீனுக்கு அந்த வேலியும் ஒரு பொருட்டல்ல.